லிங்க் இல்லாத மெயில்

அலுவலக மெயில் பெட்டிக்கு ஒரு கடிதம் வருகிறது. மேலே மைக்ரோசாஃப்ட் சின்னம். "உங்கள் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இன்றோடு காலாவதியாகிறது, தொடர்ந்து மெயில் பார்க்க வேண்டுமானால் கீழே உள்ள க்யூஆர் கோடை உங்கள் செல்போனில் ஸ்கேன் செய்யவும்" என்று ஆங்கிலத்தில் நாலு வரி. அதற்குக் கீழே கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக ஒரு க்யூஆர் கோடு. அவ்வளவுதான். தொடுவதற்கு நீல எழுத்தில் ஒரு லிங்க்கூடக் கிடையாது. திறந்தால் வைரஸ் வரும் என்று பயப்படும்படி எந்த ஃபைலும் இல்லை.

ஓர் அலுவலகத்தின் மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே தினமும் தடுக்கப்படும் குப்பைகளில் மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டியது இந்த வகைதான் என்று நினைக்கிறேன். இதைப் பற்றி வரும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் "தெரியாத க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யாதீர்கள்" என்பதோடு நின்றுவிடுகின்றன. டீக்கடையிலிருந்து கோயில் உண்டியல் வரை ஸ்கேன் செய்து பழகிய ஒருவருக்கு அந்த அறிவுரையால் பயன் இல்லை. அந்தப் படம் ஏன் அங்கே வந்தது, யாருடைய கண்ணை மறைக்க வந்தது என்று தெரிந்தால்தான் அதை அடையாளம் காண முடியும்.

முதலில், சாதாரண லிங்க் உள்ள ஒரு மெயில் நம்மிடம் வந்து சேர்வதற்குள் என்னென்ன நடக்கிறது என்று பார்ப்போம். அனுப்பியவர் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்துதான் அனுப்பினாரா என்று எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய மூன்று சோதனைகள் பார்க்கின்றன. அப்புறம், மெயிலின் எச்டிஎம்எல்லுக்குள் எங்கெல்லாம் `href` இருக்கிறதோ அங்கிருந்து லிங்க்குகளைத் தனியே உருவி எடுக்கிறார்கள். அவை கெட்ட பெயர் எடுத்த முகவரிகளா என்று பட்டியலில் தேடுகிறார்கள். சந்தேகம் இருந்தால், தனியாக அடைத்து வைத்த ஒரு கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தும் பார்க்கிறார்கள். பல அலுவலகங்களில் அந்த லிங்க்கையே மாற்றி எழுதிவிடுவார்கள். நீங்கள் சொடுக்கும்போது நேரே அங்கே போகாமல் சோதனைச் சாவடி ஒன்றின் வழியாகப் போவீர்கள். காலையில் நல்ல பக்கமாக இருந்தது மதியம் திருட்டுப் பக்கமாக மாறினாலும், சொடுக்கும் அந்த நொடியில் தடுக்க முடியும்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒன்றை நம்பி நிற்கிறது: லிங்க் எழுத்தாக இருக்க வேண்டும். க்யூஆர் கோடு வந்ததும் அது போய்விடுகிறது. முகவரி, புள்ளிகளாக ஒரு படத்துக்குள் இருக்கிறது. உருவி எடுக்க `href` இல்லை, மாற்றி எழுத லிங்க் இல்லை, சொடுக்கும் நொடி என்பதும் இல்லை. லிங்க்கை மட்டும் தேடும் கருவிக்கு இது ஒரு படம் ஒட்டிய அப்பாவிக் கடிதம். முதல் சோதனையான எஸ்பிஎஃப், டிகிம் மட்டுமாவது பிடிக்குமா என்றால், பல சமயம் அதுவும் பிடிப்பதில்லை. ஏற்கெனவே திருடப்பட்ட வேறொரு நிறுவனத்தின் உண்மையான மெயில் கணக்கிலிருந்து அனுப்பினால் மூன்று சோதனைகளும் முறைப்படி தேறிவிடும்.

க்யூஆர் கோடு 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது. ஒரு படத்தை நம்பி செல்போனை நீட்டும் பழக்கம் உலகம் முழுவதும் பரவியது கொரோனா காலத்தில்தான். மெயில் திருடர்கள் அதை மொத்தமாகக் கையில் எடுத்தது 2023இல். அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து நடந்த பெரிய தாக்குதல் ஒன்றின் விவரத்தை கோஃபென்ஸ் என்ற மெயில் பாதுகாப்பு நிறுவனம் ஆகஸ்டில் வெளியிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெயில்கள். அதில் ஏறத்தாழ 29 சதவீதம் அமெரிக்காவின் ஒரே ஒரு பெரிய எரிசக்தி நிறுவனத்துக்குப் போயிருந்தன. பெரும்பாலானவை மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அறிவிப்பு போல வேஷம் போட்டவை. கோடுக்குள் இருந்த முகவரிகளில் பல, பிங் தேடுபொறியின் திருப்பிவிடும் லிங்க்குகள். அதாவது, செல்போனில் முதலில் தெரிவது எல்லோருக்கும் தெரிந்த ஒரு நல்ல பெயர்.

பாதுகாப்பு மென்பொருள் செய்பவர்கள் சும்மா இருக்கவில்லை. மெயிலில் வரும் படங்களைத் தாங்களே ஸ்கேன் செய்து, உள்ளே இருக்கும் முகவரியை எடுத்து, வழக்கமான சோதனைக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். இன்று பெரிய மெயில் சேவைகள் பலவும் இதைச் செய்கின்றன. உடனே எதிர்த்தரப்பு படத்தை பிடிஎஃப்புக்குள் தள்ளியது. மெயிலில் இரண்டு வரி, இணைப்பில் "சம்பள உயர்வு விவரம்" என்று ஒரு பிடிஎஃப், அதன் இரண்டாம் பக்கத்தில் கோடு. பிடிஎஃப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் படமாக மாற்றி ஸ்கேன் செய்வது செலவு பிடிக்கும் வேலை. எல்லாக் கருவிகளும் எல்லாப் பக்கத்தையும் பார்ப்பதில்லை.

அதற்கு அடுத்த தந்திரம் எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது. படமே இல்லாமல் க்யூஆர் கோடு. 2024இல் பாராகுடா என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதை விளக்கி எழுதினார்கள். யூனிகோடில் முழுக் கட்டம், அரைக் கட்டம் என்று சில எழுத்துகள் உண்டு. அவற்றை வரிசையாக அடுக்கினால் கண்ணுக்கும் கேமராவுக்கும் க்யூஆர் கோடாகத் தெரியும். இதோ, மேல் மூலைகள் மட்டும் எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு துண்டு (இதை ஸ்கேன் செய்தால் எதுவும் வராது):

```
█▀▀▀▀▀█ ▄▀ █▀▀▀▀▀█
█ ███ █ ▀▄ █ ███ █
█ ▀▀▀ █ █▀ █ ▀▀▀ █
▀▀▀▀▀▀▀ ▀  ▀▀▀▀▀▀▀
```

மெயில் சர்வருக்கு இது வெறும் எழுத்து. படம் என்று ஒன்று இல்லாததால் படத்தை ஸ்கேன் செய்யும் கருவி எழுந்திருக்கவே இல்லை. எழுத்துகளில் லிங்க் தேடும் கருவிக்கும் `http` என்று ஒன்றும் கண்ணில் படவில்லை. இதையே எச்டிஎம்எல் அட்டவணையாகவும் செய்கிறார்கள். நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் கறுப்பு அல்லது வெள்ளைப் பின்னணி. இன்னும் சிலர் கோடை இரண்டு பாதிப் படங்களாக வெட்டி அடுத்தடுத்து ஒட்டி அனுப்புகிறார்கள். தனித்தனியாக எடுத்தால் இரண்டுமே ஸ்கேன் ஆகாது, திரையில் ஒட்டி நின்றால் ஆகும். இவற்றுக்கெல்லாம் ஒரே மாற்று, மெயிலை மனிதக் கண் பார்ப்பது போலவே முழுப் பக்கமாக வரைந்து, அந்தப் பக்கத்தில் கோடு தெரிகிறதா என்று பார்ப்பதுதான். முடியாத வேலை இல்லை. ஆனால் ஒவ்வொரு மெயிலுக்கும் செய்வது கனமான வேலை.

இந்த ஓட்டப் பந்தயத்தை மட்டும் பார்த்தால் முக்கியமான விஷயம் தவறிவிடும். க்யூஆர் கோடின் பெரிய லாபம் சர்வரை ஏமாற்றுவதில் இல்லை, ஆளை இடம் மாற்றுவதில் இருக்கிறது என்பது என் கருத்து. மெயில் திறந்திருப்பது அலுவலகக் கணினியில். அந்தக் கணினியில் பாதுகாப்பு மென்பொருள் ஓடுகிறது. அதிலிருந்து வெளியே போகும் இணையப் பயணம் அலுவலக வலைக்குள் கண்காணிக்கப்படுகிறது. கோடு சொல்கிறது: அதை விட்டுவிட்டு உன் சொந்த செல்போனை எடு. செல்போன் தன் சொந்த 4ஜி, 5ஜி இணைப்பில் போகிறது. எங்கள் பதிவேட்டில் ஒரு வரிகூட விழாது. திரை சிறியது, முகவரிப் பட்டை அதைவிடச் சிறியது, நீளமான முகவரியின் பாதி தெரியாது. அந்த ஆள் அந்த நிமிடம் அலுவலகத்தின் எல்லாக் காவலையும் தாண்டித் தனியாக நிற்கிறார்.

எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்த அக்கா ஒருவர் இதில் மாட்டிக்கொண்டார். பதினைந்து வருடம் கணக்கு பார்த்தவர், ஒரு ரூபாய் இடித்தாலும் விடமாட்டார். என்ன நடந்தது என்று கேட்டபோது அவர் சொன்னது இது: "மெயில்ல வர்ற லிங்க்கைத் தொடக் கூடாதுன்னு வருஷா வருஷம் கிளாஸ் எடுத்தீங்களே தம்பி. நான் எதையும் தொடவே இல்லையே." அவர் சொன்னது முழு உண்மை. கற்றுக்கொடுத்த விதியை அவர் மீறவில்லை. அந்த விதி, சுட்டியை லிங்க்கின் மேல் வைத்துப் பார், முகவரி தெரியும் என்று சொன்னது. படத்தின் மேல் சுட்டியை வைத்தால் என்ன தெரியும்? பயிற்சிதான் காலத்துக்குப் பின்தங்கியிருந்தது, அவர் இல்லை.

அப்படிப்பட்ட மெயில் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். சந்தேகப்படும் கோடை செல்போனில் ஸ்கேன் செய்து பார்ப்பது தேவையில்லாத ஆபத்து. லினக்ஸ் கணினியில் `poppler`, `zbar` ஆகிய இரண்டு இலவசக் கருவிகள் இருந்தால் போதும். முதல் வரி பிடிஎஃப் பக்கங்களைப் படமாக மாற்றுகிறது. அடுத்தது கோடுக்குள் இருப்பதை எழுத்தாகக் காட்டுகிறது. எந்தப் பக்கமும் திறக்காது.

```
pdftoppm -r 200 -png notice.pdf page
zbarimg --raw -q page-*.png
```

வருவது ஏறக்குறைய இப்படி இருக்கும். உண்மையான திருட்டு முகவரிக்குப் பதிலாக உதாரணத்துக்கென ஒதுக்கப்பட்ட டொமைன்களைப் போட்டிருக்கிறேன்:

```
https://www.example.net/r?u=https%3A%2F%2Fsecure.example.org%2Fm%2F#YWNjb3VudHNAZXhhbXBsZS5jb20=
```

இதில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. முதலில் வருவது `www.example.net`. அது பெயர் பெற்ற ஏதோ ஒரு நிறுவனத்தின் திருப்பிவிடும் முகவரி. செல்போன் கேமரா கோடின் மேல் காட்டும் சின்னப் பட்டையில் இந்தப் பெயர்தான் தெரியும். "நல்ல கம்பெனிதானே" என்று விரல் அழுத்தும். நடுவில் `u=` என்பதற்குப் பிறகு வருவது உண்மையாகப் போகும் இடம். `%3A%2F%2F` என்பது `://` தான், வேறு உருவத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

கடைசிப் பகுதி, `#` குறிக்குப் பின்னால் இருப்பது, இதில் மிகவும் கவனிக்க வேண்டியது. அது கிறுக்கல் போலத் தெரிந்தாலும் பேஸ்64 என்ற எழுத்துமுறையில் எழுதிய சாதாரண எழுத்து:

```
echo 'YWNjb3VudHNAZXhhbXBsZS5jb20=' | base64 -d
accounts@example.com
```

மெயில் பெறுபவரின் முகவரி! ஒவ்வொருவருக்கும் தனிக் கோடு செய்து அனுப்பியிருக்கிறார்கள். `#` குறிக்குப் பின்னால் வருவதை பிரவுசர் எந்த சர்வருக்கும் அனுப்பாது, தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அதனால் வழியில் உள்ள எந்தப் பதிவேட்டிலும் அது தங்காது. பக்கம் திறந்த பிறகு, உள்ளே இருக்கும் ஸ்கிரிப்ட் அதை எடுத்து, மெயில் முகவரிக் கட்டத்தை முன்கூட்டியே நிரப்பிவிடுகிறது. பல சமயம் அந்த முகவரிக்குரிய நிறுவனம் மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் போட்டு வைத்திருக்கும் சின்னத்தையும் பின்னணிப் படத்தையும்கூட எடுத்து வந்து காட்டுகிறது. கணக்குப் பிரிவு அக்கா பார்த்தது அதைத்தான். தன் பெயர், தன் கம்பெனி சின்னம், தினமும் காலையில் பார்க்கும் அதே திரை. பாஸ்வேர்ட் மட்டும்தான் போட வேண்டியிருந்தது.

மெயில் சோதனைக் கருவி இந்த முகவரியைத் திறந்து பார்த்தால் என்ன ஆகும்? முதலில் "நீங்கள் மனிதர்தானா" என்று கேட்கும் ஒரு பெட்டி நிற்கும். கருவி அங்கேயே நின்றுவிடும். அதைத் தாண்டினாலும், வந்திருப்பது செல்போன் பிரவுசரா என்று பக்கம் பார்க்கிறது. கணினியாக இருந்தால் வெறும் பக்கமோ ஏதாவது ஒரு கடையின் முகப்போ காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. `#` பகுதி இல்லாமல் வந்தால் எதையும் காட்டுவதில்லை. ஆகவே, கோடைப் படித்துவிட்டாலும் தீர்ப்பு சொல்வது சுலபமில்லை.

பாஸ்வேர்ட் போட்டதும் நடப்பது, ஓடிபி இருந்தால் பத்திரம் என்று நம்புபவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. பழைய திருட்டுப் பக்கங்கள் பாஸ்வேர்டை எழுதி வைத்துக்கொண்டு "தவறான பாஸ்வேர்ட்" என்று காட்டிவிட்டுப் போய்விடும். இப்போது வருபவை நடுவில் நிற்கும் வகை. டைகூன் 2எஃப்ஏ என்ற வாடகைக் கருவித்தொகுப்பு 2023இல் தலைகாட்டிய ஒன்று, இந்த வேலைக்கே பேர் போனது. நீங்கள் தட்டுவதை அது அதே நொடியில் உண்மையான மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் தட்டுகிறது. மைக்ரோசாஃப்ட் உண்மையிலேயே உங்கள் செல்போனுக்கு ஓடிபியோ ஒப்புதல் கேள்வியோ அனுப்புகிறது. நீங்கள் கொடுக்கிறீர்கள், அதுவும் கடத்தப்படுகிறது. உள்நுழைவு வெற்றி. மைக்ரோசாஃப்ட் "இவர் சரிபார்க்கப்பட்டவர்" என்று ஒரு குக்கீ தருகிறது. அந்தக் குக்கீ உங்கள் பிரவுசருக்கு வரவில்லை, நடுவில் நிற்பவரிடம் தங்கிவிட்டது. அதைத் தன் பிரவுசரில் வைத்துக்கொண்டால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், நேரே உள்ளே போகலாம்.

தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் மாட்டமாட்டார்கள் என்று எண்ண வேண்டாம். 2024 ஜூனில் சோஃபோஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர்களுக்கே இப்படி மெயில்கள் வந்தன. அதில் ஒருவரின் பாஸ்வேர்டும் சரிபார்ப்பு டோக்கனும் பறிபோயின. அதை வைத்து உள்ளே நுழையச் செய்த முயற்சி மற்ற கட்டுப்பாடுகளால் தடுக்கப்பட்டது. அந்த நிறுவனம் இதை மறைக்காமல் அக்டோபரில் விரிவாக எழுதி வெளியிட்டது. அப்படி எழுதுவதற்கு நான் மிகுந்த மரியாதை வைத்திருக்கிறேன். மற்ற நிறுவனங்களும் இதைச் செய்தால் எங்களைப் போன்றவர்களின் வேலை எவ்வளவோ எளிதாகும்.

சரி, அப்படியானால் எது நல்ல கோடு, எது கெட்ட கோடு? இந்தக் கேள்வி நியாயமானது. ஏனென்றால் இரண்டடுக்குச் சரிபார்ப்பை முதல்முறை அமைக்கும்போது உண்மையிலேயே ஒரு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யத்தான் வேண்டும். திருட்டு மெயில்கள் இந்த வேஷத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அதுதான். ஆனால் உண்மையான அமைப்பில் அந்தக் கோடு மெயிலில் வருவதில்லை. நீங்களே பிரவுசரைத் திறந்து, உங்கள் கணக்கில் நுழைந்து, பாதுகாப்பு அமைப்புகளுக்குப் போன பிறகு அந்தப் பக்கத்தில் தோன்றும். அதை கேமராவில் ஸ்கேன் செய்வதில்லை, ஆத்தென்டிகேட்டர் செயலிக்குள் இருக்கும் ஸ்கேனரில் செய்கிறோம். அந்தக் கோடுக்குள் இருப்பது இணையப் பக்கம் இல்லை. பொதுவாக `otpauth://` என்று தொடங்கும் ஒரு வரியில் ரகசியச் சாவி ஒன்று இருக்கும். ஸ்கேன் செய்ததும் பிரவுசர் திறந்து பாஸ்வேர்ட் கேட்டால், நீங்கள் இருப்பது வேறு இடம்.

நம் ஊர்க் கடைகளின் யூபிஐ கோடுக்கும் இது பொருந்தும். அதற்குள் இருப்பது `upi://pay` என்று தொடங்கும் ஒரு கட்டணக் குறிப்பு. பணம் அனுப்பும் செயலிக்குள்ளிருந்து ஸ்கேன் செய்யும்போது, யாருக்குப் போகிறது என்று பெயர் காட்டிப் பிறகுதான் பின் நம்பர் கேட்கிறது. பொது கேமராவுக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது, கோடுக்குள் எது இருந்தாலும் திறக்கத் தயாராக நிற்கும். ரயில் டிக்கெட், சினிமா டிக்கெட், விமானச் சீட்டு இவற்றோடு மெயிலில் வரும் கோடுகளுக்கும் நான் பயப்படச் சொல்லமாட்டேன். அவை வேறொருவர் உங்களிடம் ஸ்கேன் செய்வதற்கானவை. நீங்கள் ஸ்கேன் செய்ய வேண்டியவை இல்லை. வாசலில் நிற்பவர் தன் கருவியை நீட்டுவார், அவ்வளவுதான்.

ஆகவே நான் இப்போது அலுவலகத்தில் சொல்லித்தருவது ஒரே ஒரு கேள்வி. கணினியில் திறந்திருக்கும் மெயில் எதற்காக செல்போனைக் கேட்கிறது? உண்மையான நிறுவனத்துக்கு உங்களை ஒரு பக்கத்துக்கு அழைத்துப் போக வேண்டுமென்றால், ஒரு லிங்க் போட்டால் முடிந்தது. கணினித் திரையில் இருப்பவரை செல்போனுக்கு மாறச் சொல்ல மெயில் அனுப்புபவருக்கு நேர்மையான காரணம் மிக அரிது. விதிவிலக்கு உண்டு. சில மனிதவளத் துறைகள் தாங்களே ஆய்வுப் படிவத்துக்குக் கோடு போட்டு மெயில் அனுப்புகின்றன. அதை நிறுத்துங்கள் என்று அவர்களிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் ஒருமுறை அனுப்பினால், அடுத்த திருட்டு மெயிலுக்குப் பழக்கம் கற்றுக்கொடுத்தவர் நீங்கள்.

ஒருவர் ஸ்கேன் செய்து பாஸ்வேர்டும் போட்டுவிட்டார் என்று தெரிந்தால், முதலில் எல்லோரும் செய்வது பாஸ்வேர்டை மாற்றுவது. அது தேவைதான், ஆனால் அது மட்டும் போதும் என்று இருந்துவிடக் கூடாது. திருடப்பட்ட குக்கீ ஒரு திறந்த அமர்வு, அதாவது ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்ட நிலை. நிர்வாகி அந்த ஆளின் எல்லா அமர்வுகளையும் சேர்த்து ரத்து செய்ய வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365இல் அது பவர்ஷெல்லில் ஒரே வரி, கீழே முதலில் இருப்பது:

```
Revoke-MgUserSignInSession -UserId accounts@example.com
Get-InboxRule -Mailbox accounts@example.com
```

ரத்து செய்த பிறகும், ஏற்கெனவே கையில் இருக்கும் அணுகல் டோக்கன் என்ற தற்காலிக அனுமதிச் சீட்டு சுமார் ஒரு மணி நேரம் வரை உயிரோடு இருக்கலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்குக் கணக்கையே முடக்கி வைப்பது நல்லது. இரண்டாவது வரி மெயில் விதிகளைக் காட்டுவது. உள்ளே நுழைந்தவர்கள் பெரும்பாலும் முதலில் வைப்பது ஒரு விதியைத்தான். "இன்வாய்ஸ்" என்றோ "பேமெண்ட்" என்றோ சொல் உள்ள மெயில்களைப் படித்ததாகக் குறித்து, யாரும் எட்டிப் பார்க்காத ஆர்எஸ்எஸ் ஃபோல்டருக்குத் தள்ளிவிடும். பிறகு அந்தக் கணக்கிலிருந்தே வாடிக்கையாளருக்கு "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று கடிதம் போகும். பதில் வந்தாலும் கணக்கின் சொந்தக்காரர் கண்ணில் படாது. இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அந்தக் கணக்கில் புதிதாக ஏதாவது செல்போனோ சரிபார்ப்பு வழியோ சேர்ந்திருக்கிறதா. நுழைந்தவர் தன் செல்போனையே ஆத்தென்டிகேட்டராகப் பதிந்துவிட்டால், நாளை பாஸ்வேர்ட் மீட்பும் அவர் கையில். பல இடங்களில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் மறுபடி பாதிக்கப்பட்டது இந்த இரண்டையும் பார்க்காததால்தான்.

பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே அழைக்க வேண்டும். வங்கியில் பணம் நகர்வதற்குள் நிறுத்த வாய்ப்பு இருப்பது ஆரம்பத்தில்தான். நிறுவனங்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று வந்த ஆணைப்படி, இப்படிப்பட்ட சம்பவத்தைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும்.

நிலையான தீர்வு என்று நான் நம்புவது பாஸ்கீ. அது பாஸ்வேர்டுக்குப் பதிலாக செல்போனிலேயே இருக்கும், உண்மையான டொமைனோடு கட்டப்பட்ட சாவி. திருட்டுப் பக்கம் எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும் டொமைன் வேறு என்பதால் செல்போன் அந்தச் சாவியை நீட்டவே நீட்டாது. மனிதர் ஏமாந்தாலும் கருவி ஏமாறாது. ஆனால் இதிலும் ஒரு ஓட்டை விட்டுவைக்கிறார்கள். பாஸ்கீயோடு எஸ்எம்எஸ் ஓடிபியும் மாற்று வழியாகத் திறந்திருந்தால், நடுவில் நிற்பவர் "பாஸ்கீ இப்போது வேலை செய்யவில்லை, வேறு வழியைத் தேர்ந்தெடுக்கவும்" என்று காட்டிப் பழைய வழிக்கு இழுத்துவிடுவார். பணம் கையாளும் பிரிவினருக்காவது பாஸ்கீ மட்டும் என்று வைத்து மற்றவற்றை மூடிவிட வேண்டும். எங்கள் பக்கம் அதைக் கணக்குப் பிரிவிலிருந்துதான் தொடங்கினோம்.

இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு மெயில் வந்தால் அதை நீக்கிவிடாதீர்கள், திரையைப் படம் பிடித்து வாட்ஸ்ஆப் குழுவில் போடவும் வேண்டாம். அந்தப் படத்தை இன்னொருவர் ஸ்கேன் செய்து பார்ப்பார். உங்கள் மெயில் செயலியில் "ஃபிஷிங்" என்று புகார் செய்யும் பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். இல்லையென்றால் அந்த மெயிலை இணைப்பாகச் சேர்த்து நிர்வாகிக்கு அனுப்புங்கள். இணைப்பாக வந்தால்தான் அதன் தலைப்பு விவரங்கள் அப்படியே இருக்கும். எந்த சர்வரிலிருந்து வந்தது, அலுவலகத்தில் வேறு யாருக்கெல்லாம் போயிருக்கிறது என்று தேடி, மற்றவர்கள் திறப்பதற்கு முன்பே எல்லாப் பெட்டிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுத்துவிட எங்களால் முடியும்.